தொடக்க வேக அட்டவணையிலிருந்து வினை வகையும் வேக மாறிலியும் கண்டுபிடிப்பது எப்படி?

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் வேகவியல் பாடம் முடிந்த கையோடு வீட்டுப்பாடமாக ஒரு கணக்கு வரும். நாலைந்து சோதனைகள், ஒவ்வொன்றிலும் வினைபடுபொருள்களின் செறிவு, கடைசிப் பத்தியில் தொடக்க வேகம். கீழே கேள்வி: ஒவ்வொரு பொருளைப் பொறுத்தும் வினை வகை என்ன? வேக மாறிலி எவ்வளவு?

பலர் அட்டவணையைத் தொடுவதே இல்லை. மேலே கொடுத்திருக்கும் சமன்பாட்டைப் பார்த்து, ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் இருக்கும் எண்ணை அப்படியே வினை வகையாக எழுதிவிடுகிறார்கள். இந்தப் பழக்கம் சுலபத்தில் போகாததற்குக் காரணம், சில வினைகளில் அது சரியாகவே அமைந்துவிடுகிறது. 2NO + O₂ → 2NO₂ என்ற வினையில் NO-வைப் பொறுத்து வகை 2, O₂-வைப் பொறுத்து வகை 1. சமன்பாட்டில் இருப்பதும் அதே எண்கள்தான். இப்படி ஒரு கணக்கில் முழு மதிப்பெண் வாங்கிவிட்டால், அடுத்த கணக்கிலும் அதே வழியில் போகத் தோன்றுமா இல்லையா?

அந்த வழி பலிக்காத ஒரு வினையை எடுத்துக்கொள்வோம். அமிலக் கரைசலில் புரோமேட் அயனியும் புரோமைடு அயனியும் சேர்ந்து புரோமினைத் தருகின்றன:

BrO₃⁻ + 5Br⁻ + 6H⁺ → 3Br₂ + 3H₂O

முன்னால் உள்ள எண்கள் 1, 5, 6. வினை வகைகள் என்ன என்பதை அட்டவணையிடம்தான் கேட்க வேண்டும்.

## செய்முறை வேறு, வேகம் வேறு

ஒரு தோசைக்கு ஒரு கரண்டி மாவு, கொஞ்சம் எண்ணெய் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நூறு தோசைக்கு எவ்வளவு மாவு வேண்டும் என்று இதிலிருந்து சொல்லிவிடலாம். பத்து நிமிடத்தில் எத்தனை தோசை வரும் என்று சொல்ல முடியாது. ஒரே கல் உள்ள கடையில் இன்னொரு அண்டா மாவைக் கொண்டுவந்து வைத்தாலும் தோசை வரும் வேகம் மாறாது. இன்னொரு கல்லைப் போட்டால் இரண்டு மடங்காகும். எதை மாற்றினால் வேகம் மாறுகிறது என்பது, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

வேதிச் சமன்பாடும் அந்தச் செய்முறைக் கணக்கு மாதிரிதான். எவ்வளவு செலவாகி எவ்வளவு கிடைக்கும் என்று அது சொல்லும். வேகத்தைச் சொல்வது வேறொரு கோவை. அதற்கு வேக விதி என்று பெயர். நம் வினைக்கு அதன் வடிவம் இது:

வேகம் = k [BrO₃⁻]ᵃ [Br⁻]ᵇ [H⁺]ᶜ

சதுர அடைப்புக்குள் இருப்பது அந்தப் பொருளின் செறிவு, அதாவது ஒரு லிட்டர் கரைசலில் அது எத்தனை மோல் இருக்கிறது என்பது. மேலே அடுக்காக நிற்கும் a, b, c ஒவ்வொன்றும் அந்தந்தப் பொருளைப் பொறுத்த வினை வகை. மூன்றையும் கூட்டினால் மொத்த வினை வகை. k என்பது வேக மாறிலி. செறிவுகளை மாற்றினாலும் அது மாறாது, வெப்பநிலையை மாற்றினால் மாறும். ஆகவே ஓர் அட்டவணையின் எல்லாச் சோதனைகளும் ஒரே வெப்பநிலையில் நடந்திருக்க வேண்டும். கணக்கில் "25 °C-இல்" என்று ஒரு சொல் வந்தால் அது அலங்காரத்துக்கு இல்லை.

## ஏன் தொடக்க வேகம்?

வினை நடக்க நடக்க வினைபடுபொருள் குறையும், வேகமும் குறைந்துகொண்டே வரும். பாதி வழியில் வேகத்தை அளந்தால், அந்த நொடியில் ஒவ்வொரு பொருளும் எவ்வளவு மீதி இருந்தது என்பதையும் தனியாக அளக்க வேண்டிவரும். கலந்த உடனே அளந்தால் அந்தத் தொல்லை இல்லை. நாம் ஊற்றிய அளவுதான் செறிவு. விளைபொருள் இன்னும் சேராததால், அது திரும்ப வினைபுரிந்து கணக்கைக் குழப்பவும் வழியில்லை. இந்த ஆரம்ப கட்ட வேகம்தான் தொடக்க வேகம்.

நம் வினையில் இதை அளக்க ஆய்வகத்தில் ஓர் அழகான தந்திரம் உண்டு. கலவையில் கொஞ்சம் ஃபீனாலும் சில சொட்டு மெத்தில் ஆரஞ்சும் சேர்த்துவிடுவார்கள். அமிலத்தில் மெத்தில் ஆரஞ்சு இளஞ்சிவப்பாக நிற்கும். புரோமின் உருவாக உருவாக ஃபீனால் அதை உடனுக்குடன் பிடித்துக்கொள்ளும். ஃபீனால் தீர்ந்ததும், அடுத்து வரும் புரோமின் மெத்தில் ஆரஞ்சைத் தாக்க, நிறம் போய்விடும். ஒவ்வொரு சோதனையிலும் ஃபீனாலின் அளவு ஒன்றே என்பதால், நிறம் போவதற்குள் உருவாகும் புரோமினின் அளவும் ஒன்றே. அதே அளவு புரோமின் 40 நொடியில் வந்தால், 80 நொடியில் வந்ததைவிட வேகம் இரண்டு மடங்கு. அதனால் சில கணக்குகளில் வேகத்துக்குப் பதிலாக நேரத்தைக் கொடுத்திருப்பார்கள். அங்கே 1/நேரம் என்பதை வேகத்தின் இடத்தில் வைத்து வினை வகையைக் கண்டுபிடிக்கலாம். ஃபீனால் மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அதிகம் போட்டால் நிறம் போவதற்குள் வினைபடுபொருளில் பெரும்பங்கு செலவாகிவிடும், அப்புறம் அது தொடக்க வேகமே இல்லை.

இதுவரை பார்த்ததை இப்படிச் சுருக்கலாம்: வேக விதியில் நமக்குத் தெரியாதவை a, b, c, k என்ற நான்கு. செறிவுகளும் தொடக்க வேகமும் அட்டவணையில் இருக்கின்றன. தெரியாதவை நான்கு என்பதால் குறைந்தது நான்கு சோதனைகளாவது வேண்டும்.

## அட்டவணை

வீட்டுப்பாடத்தில் வருவது போலவே எண்களை அமைத்த ஓர் அட்டவணை இது. செறிவுகள் mol L⁻¹ அலகில், வேகம் mol L⁻¹ s⁻¹ அலகில்.

| சோதனை | [BrO₃⁻] | [Br⁻] | [H⁺] | தொடக்க வேகம் |
|---|---|---|---|---|
| 1 | 0.050 | 0.25 | 0.10 | 1.0 × 10⁻³ |
| 2 | 0.10 | 0.25 | 0.10 | 2.0 × 10⁻³ |
| 3 | 0.10 | 0.40 | 0.10 | 3.2 × 10⁻³ |
| 4 | 0.10 | 0.50 | 0.15 | 9.0 × 10⁻³ |

கால்குலேட்டரை எடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். எந்த இரண்டு சோதனைகளில் ஒரே ஒரு பொருளின் செறிவு மட்டும் மாறியிருக்கிறது என்று விரலை வைத்துத் தேடுங்கள். சோதனை 1, 2-இல் புரோமேட் மட்டும் மாறுகிறது. சோதனை 2, 3-இல் புரோமைடு மட்டும். H⁺-க்கு அப்படி ஒரு ஜோடியே இல்லை. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்வோம்.

## முதல் இரண்டு அடுக்குகள்

சோதனை 2-இன் வேக விதியை எழுதி, அதை சோதனை 1-இன் வேக விதியால் வகுக்க வேண்டும். k இரண்டிலும் ஒன்றே, அடிபட்டுப் போகும். புரோமைடும் H⁺-உம் மாறவில்லை, அவையும் அடிபடும். மிஞ்சுவது:

(2.0 × 10⁻³) / (1.0 × 10⁻³) = (0.10 / 0.050)ᵃ

2 = 2ᵃ

a = 1

மொத்த முறையும் இந்த ஒரு வகுத்தலில் அடங்கிவிடுகிறது. செறிவு எத்தனை மடங்கானது என்பது ஒரு பக்கம், வேகம் எத்தனை மடங்கானது என்பது மறு பக்கம். முதல் எண்ணை எத்தனையாவது அடுக்குக்கு உயர்த்தினால் இரண்டாவது எண் வரும் என்பதுதான் கேள்வி.

அதிகம் பேர் சறுக்குவதும் இங்கேதான். வேகம் 2 மடங்கானதைப் பார்த்ததும் "வகை 2" என்று எழுதிவிடுகிறார்கள். 2 என்பது வேகத்தின் மடங்கு, வகை அந்த அடுக்கு. இதே சறுக்கல் பூஜ்ய வகையில் இன்னும் நயமாக வரும். ஒரு பொருளின் செறிவை இரண்டு மடங்காக்கியும் வேகம் மாறவில்லை என்று வையுங்கள். வேகத்தின் மடங்கு 1. உடனே "வகை 1" என்று கை எழுதும். ஆனால் 1 = 2ⁿ என்றால் n = 0. அந்தப் பொருளைப் பொறுத்து அது பூஜ்ய வகை.

அடுத்து புரோமைடு. சோதனை 3-ஐ 2-ஆல் வகுத்தால், செறிவின் மடங்கு 0.40 / 0.25 = 1.6. வேகத்தின் மடங்கு 3.2 / 2.0 = 1.6. எனவே b = 1. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று வட்டமாக வராவிட்டாலும் முறை மாறுவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

வகுப்பதற்குப் பதிலாகக் கழித்துப் பார்ப்பவர்களும் உண்டு. "செறிவு 0.15 கூடியது, வேகம் 0.0012 கூடியது" என்பதில் தவறு ஒன்றும் இல்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு அடுக்கைக் கண்டுபிடிக்க முடியாது. இன்னொன்று, வேகத்தில் சோதனை 3-ஐ மேலே வைத்தால் செறிவிலும் சோதனை 3-தான் மேலே வர வேண்டும். ஒன்றில் மேலேயும் மற்றொன்றில் கீழேயும் வைத்தால் அடுக்கு எதிர்மறையாகிவிடும். எதிர்மறை வகை உள்ள வினைகள் உலகத்தில் இருக்கின்றன. ஆனால் வீட்டுப்பாடத்தில் −1 வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வகுத்த திசையைத்தான்.

## தனி ஜோடி இல்லாத H⁺

H⁺ மாறுவது சோதனை 4-இல் மட்டும். அதே சோதனையில் புரோமைடும் மாறிவிட்டது. "கணக்கில் பிழை" என்று விட்டுவிட வேண்டாம். புரோமைடு வேகத்தை எப்படி மாற்றும் என்பது இப்போது நமக்குத் தெரியும், அதன் பங்கைக் கழற்றிவிடலாம்.

சோதனை 4-ஐ 2-ஆல் வகுப்போம். வேகத்தின் மடங்கு 9.0 / 2.0 = 4.5. புரோமைடின் செறிவு 0.25-லிருந்து 0.50 ஆகி 2 மடங்கானது. b = 1 என்பதால் இந்த 4.5-இல் 2 மடங்கு புரோமைடின் வேலை. மீதி 4.5 / 2 = 2.25 மடங்கு H⁺-இன் வேலை. H⁺-இன் செறிவு 0.15 / 0.10 = 1.5 மடங்கு. ஆகவே:

2.25 = 1.5ᶜ

1.5 × 1.5 = 2.25 என்பதால் c = 2.

இப்போது வேக விதி முழுதாகிவிட்டது:

வேகம் = k [BrO₃⁻] [Br⁻] [H⁺]²

மொத்த வினை வகை 4. சமன்பாட்டில் 1, 5, 6. வேக விதியில் 1, 1, 2.

இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. புரோமேட்டும் புரோமைடும் எல்லாச் சோதனைகளிலும் ஒரே விகிதத்தில் சேர்ந்தே கூடியிருந்தால், a + b எவ்வளவு என்றுதான் சொல்ல முடியும். எது யாருடைய பங்கு என்று எந்த வித்தையாலும் பிரிக்க முடியாது. அந்த மாதிரி அட்டவணை வந்தால் குறை கணக்கில்தான்.

## அடுக்கு கண்ணுக்குத் தெரியாதபோது

உண்மையான அளவீடுகள் இவ்வளவு சுத்தமாக வராது. செறிவு 1.6 மடங்காகி, வேகம் 1.58 மடங்கானது என்று வையுங்கள். அப்போது மடக்கை எடுக்க வேண்டும்:

n = log(வேகத்தின் மடங்கு) / log(செறிவின் மடங்கு)

log 1.58 = 0.199, log 1.6 = 0.204. வகுத்தால் 0.97. அளவீட்டுப் பிழையைக் கழித்துப் பார்த்தால் இது 1-தான்.

எல்லாவற்றையும் முழு எண்ணாக்கிவிடவும் கூடாது. செறிவு 2 மடங்காகும்போது வேகம் 2.83 மடங்கானால், அடுக்கு 1.5. இதை 2 ஆக்கினால் தவறு. அசிட்டால்டிஹைடு வெப்பத்தால் சிதைவது 3/2 வகைக்குப் பெயர்போன வினை. ஹைட்ரஜனும் புரோமினும் வினைபுரியும்போது, தொடக்கத்தில் புரோமினைப் பொறுத்த வகை 1/2. 0.97-ஐ 1 என்று எழுதலாம், 1.48-ஐ 3/2 என்று எழுதலாம். 1.48-ஐ 1 என்றோ 2 என்றோ இழுத்துப் பொருத்தக் கூடாது.

## வேக மாறிலியும் அதன் அலகும்

அடுக்குகள் தெரிந்த பிறகு k கண்டுபிடிக்க ஏதாவது ஒரு சோதனை போதும். சோதனை 1-ஐ எடுத்தால்:

k = 1.0 × 10⁻³ / (0.050 × 0.25 × 0.10²)

k = (1.0 × 10⁻³) / (1.25 × 10⁻⁴) = 8.0

அலகைப் பாடம் பண்ணி வைக்க வேண்டாம். மேலே வேகத்தின் அலகு mol L⁻¹ s⁻¹. கீழே செறிவு நான்கு முறை பெருக்கப்பட்டிருக்கிறது, அதன் அலகு mol⁴ L⁻⁴. வகுத்தால் L³ mol⁻³ s⁻¹. மொத்த வகை 1 என்றால் வெறும் s⁻¹ வரும், 2 என்றால் L mol⁻¹ s⁻¹ வரும். வேக மாறிலியின் அலகு வினைக்கு வினை மாறுவது இதனால்தான். அலகு வேறான இரண்டு k-க்களை ஒப்பிட்டு "இந்த வினை வேகமானது" என்று சொல்வதில் அர்த்தம் இல்லை.

கடைசிப் பத்தியின் தலைப்பையும் ஒரு முறை படியுங்கள். நம் அட்டவணையில் இருப்பது வினையின் வேகம். அதற்குப் பதில் "Br⁻ மறையும் வேகம்" என்று போட்டிருந்தால், ஒரு புரோமேட்டுக்கு ஐந்து புரோமைடு செலவாவதால் அந்த எண்கள் ஐந்து மடங்கு பெரிதாக இருக்கும். வினையின் வேகம் வேண்டுமானால் அவற்றை 5-ஆல் வகுக்க வேண்டும். வகுக்க மறந்தாலும் அடுக்குகள் சரியாகவே வரும், ஏனென்றால் மடங்கு எடுக்கும்போது அந்த 5 அடிபட்டுப் போகும். k மட்டும் 8.0-க்குப் பதில் 40 என்று வந்து நிற்கும். சமன்பாட்டின் எண்களுக்கு இந்தக் கணக்கில் வேலை இருக்கிறது என்றால், அது இந்த ஓர் இடத்தில்தான்.

## விடை சரியா என்று தெரிந்துகொள்வது

ஒரு சோதனையிலிருந்து k கண்டுபிடித்ததும் பெரும்பாலோர் பேனாவை மூடிவிடுகிறார்கள். மற்ற சோதனைகளிலும் k-ஐப் போட்டுப் பாருங்கள். சோதனை 4-இல் 9.0 × 10⁻³ / (0.10 × 0.50 × 0.15²) = 8.0. சோதனை 2, 3-இலும் அதே 8.0 வரும். அப்படியானால் அடுக்குகள் சரி.

தவறாக இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் இதில் சுவாரசியம். H⁺-இன் வகை 1 என்று தவறாக எழுதிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். சோதனை 1-இல் k = 0.80 வரும். சோதனை 2-இல் 0.80, சோதனை 3-இலும் 0.80. மூன்று ஒத்துப்போகிறதே என்று நம்பிவிடத் தோன்றும். சோதனை 4-இல் மட்டும் 1.2 வரும். முதல் மூன்றிலும் H⁺ மாறவே இல்லை, அதனால் அவற்றில் அந்தப் பிழை வெளியே தெரியாது. நான்காவது காட்டிக்கொடுத்துவிடும். அது எப்படிக் காட்டிக்கொடுக்கிறது என்றும் பாருங்கள்: 1.2 / 0.80 = 1.5. H⁺ மாறிய மடங்கும் சரியாக 1.5. அதாவது H⁺-க்கு இன்னும் ஓர் அடுக்கு வைக்க வேண்டும் என்று பிழையே சொல்லிவிடுகிறது.

சுருக்கமாக, எல்லாச் சோதனைகளிலும் k ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால், k விலகும் சோதனையில் எது மாறியிருக்கிறதோ அதன் அடுக்கைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும்.

## அந்த ஐந்தும் ஆறும் எங்கே போயின?

சமன்பாட்டின் எண்களே வினை வகை என்றால், 1 + 5 + 6 என்று பன்னிரண்டு அயனிகள் ஒரே இடத்தில் ஒரே கணத்தில் மோதிக்கொள்ள வேண்டும். மூன்று துகள்கள் ஒன்றாக மோதுவதே அரிது. உண்மையில் வினை பல சிறு படிகளாக நடக்கிறது. அவற்றில் மிக மெதுவான படி எதுவோ அதுதான் மொத்த வேகத்தைத் தீர்மானிக்கும்.

இந்த வினைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் வழி இது. முதலில் புரோமேட் இரண்டு H⁺-ஐ வாங்கிக்கொண்டு H₂BrO₃⁺ ஆகிறது. இந்தப் படி வேகமாக முன்னும் பின்னும் போய் வரும். பிறகு அதை ஒரு Br⁻ தாக்குகிறது. இது மெதுவான படி. அதுவரை உள்ளே வந்தவர்களை எண்ணுங்கள்: ஒரு புரோமேட், ஒரு புரோமைடு, இரண்டு H⁺. அட்டவணை தந்த 1, 1, 2 இவைதான். மீதி நான்கு புரோமைடும் நான்கு H⁺-உம் அதற்குப் பிறகு வரும் வேகமான படிகளில் சேர்கின்றன. அவை செலவாவது உண்மை, ஆனால் அதற்குள் வேகம் முடிவாகிவிட்டது.

## கடைசிக் கேள்வி

இப்படிப்பட்ட கணக்குகளின் முடிவில் புதிதாக ஒரு கலவையைக் கொடுத்து அதன் வேகத்தைக் கேட்பார்கள். உதாரணமாக, அதே வெப்பநிலையில் [BrO₃⁻] = 0.020, [Br⁻] = 0.10, கரைசலின் pH = 1.0. இங்கே pH-ஐ அப்படியே H⁺-இன் இடத்தில் போடக் கூடாது. pH 1.0 என்றால் [H⁺] = 10⁻¹ = 0.10.

வேகம் = 8.0 × 0.020 × 0.10 × 0.10² = 1.6 × 10⁻⁴ mol L⁻¹ s⁻¹

அவசரத்தில் [H⁺] = 1.0 என்று போட்டவருக்கு 1.6 × 10⁻² வரும். செறிவில் பத்து மடங்குப் பிழை, H⁺-இன் வகை 2 என்பதால், வேகத்தில் நூறு மடங்காகிவிட்டது.